எலும்போரம் சிவப்பு: கோழி வெந்ததா, வேகவில்லையா?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை லெக் பீஸ் பொரித்தேன். வெளியே நன்றாகச் சிவந்துவிட்டது. கடித்துப் பார்த்தால் எலும்பை ஒட்டி ரத்தச் சிவப்பு. வேகவில்லை என்று மாமியார் தட்டை ஒதுக்கிவிட்டார். வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? - ஒரு வாசகி, மன்னார்குடி.

பதில்: உங்கள் மாமியார் தட்டை ஒதுக்கியதில் தவறில்லை. ஆனால் சிவப்பை மட்டும் பார்த்து அவர் முடிவு செய்திருந்தால், அது பாதிச் சோதனைதான்.

கோழியின் குடலில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற கிருமிகள் சாதாரணமாகவே இருக்கும். கடையில் உரிக்கும்போது குடல் கிழிந்தாலோ, இறகு பறிக்கும் எந்திரத்தில் பல கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றாலோ, அவை கறியெங்கும் படிந்துவிடும். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் அவை உடனே மடியும். 60 டிகிரியிலும் மடியும், ஆனால் அதற்கு நெடுநேரம் அதே சூட்டில் நிற்க வேண்டும். உங்கள் எண்ணெய் 170, 180 டிகிரியில் கொதித்திருக்கும். அந்தச் சூடு தோலுக்குத்தான். ஐந்து நிமிடத்தில் மேல்மாவு சிவந்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கனத்த துண்டின் எலும்போரம் அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

இனி அந்தச் சிவப்பு. கடையில் வாங்கும் பிராய்லர் ஆறு வாரக் குஞ்சுதான். அதன் எலும்பு முற்றியிருக்காது. சமைக்கும்போது உள்ளிருக்கும் மஜ்ஜையின் நிறம் கசிந்து, எலும்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பாகப் படியும். உறைய வைத்த கோழியில் இது இன்னும் அதிகம். முழுதாக வெந்த துண்டிலும் இந்தக் கறை நிற்கும், அதனால் கேடில்லை. ஆகவே எலும்பின் நிறத்தை விட்டுவிட்டுச் சதையைப் பாருங்கள். இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து, மூட்டருகே எலும்பு தட்டும்வரை கத்தியால் கீறிப் பிளந்து பாருங்கள். சதை கண்ணாடி போல் பளபளத்து, நுங்கு மாதிரி வழுக்கினால் வேகவில்லை. பளபளப்பு போய், நார் நாராகப் பிரிந்து, கரண்டி நுனியால் தள்ளினாலே எலும்பை விட்டு வந்தால் வெந்திருக்கிறது. வழியும் நீரும் இளஞ்சிவப்பாக இருக்கக் கூடாது. ஆனால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிய கறியில் அந்த நிறத்தை நம்ப முடியாது. கம்பியைக் குத்தி எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். 60 டிகிரியும் சுடும், 74 டிகிரியும் சுடும். நடுவில் குளிர்ச்சி இல்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

நாட்டுக்கோழிக்கு மட்டும் தனிக் கணக்கு. முட்டையிட்டு ஓய்ந்த பெட்டைக்கோழியை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டாலும் பல்லுக்கு வளையாது. அது வேகாததால் அல்ல, வயதால். கிருமி எப்போதோ செத்திருக்கும். அதன் பிறகு நீங்கள் எரிக்கும் அடுப்பெல்லாம் மெல்லுவதற்காகத்தான். பிராய்லரோ இதற்கு நேர்மாறு: பாதி வெந்தபோதே பஞ்சாக இருக்கும். நாட்டுக்கோழி என்ற பெயரில் கலப்பினக் கோழியைத் தலையில் கட்டும் தரகர்கள் இங்கே ஏராளம். 'அரை மணியில் பூவாக வெந்துவிடும்' என்று ஒருவர் சொன்னால், அவர் கையிலிருப்பது என்ன கோழி என்று முதலில் கேளுங்கள்.

அதைவிட மோசம், மாலை நேரத் தள்ளுவண்டிகளில் சில செய்யும் வேலை. மதியமே அரைப் பதமாகப் பொரித்துக் கூடையில் குவித்துவிட்டு, ஆள் வந்ததும் எண்ணெயில் ஒரு முக்கு. சிவப்புப் பொடி போட்டிருப்பதால் உள்ளே பச்சையாக இருப்பது கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண விருந்தில் ஒப்பந்தச் சமையல்காரரிடம் இதைக் கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த உரிமச் சான்றைக் காட்டினார். சோதனைக்கு வருகிறவர்களும் அந்தச் சான்றைத்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சில நூறு ரூபாய் தெர்மாமீட்டரை ஒரு துண்டில் குத்திப் பார்த்தவரை நான் கண்டதில்லை.

அடுத்த முறை துண்டின் இருபுறமும் எலும்பு வரை மூன்று கீறல் போடுங்கள். ஐஸ் முழுதும் விடட்டும். மிதமான தீயில் 15 நிமிடமாவது பொரியுங்கள். குழம்பு என்றால், கறியைப் போட்டதும் அடங்கும் கொதி மீண்டும் எழுந்த பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும். சிறு துண்டுகளுக்கு அதிலிருந்து 25 நிமிடம். கண்ணால் பார்த்துச் சொல்வதில் பிழை வரும் என்பதால் எல்லாவற்றிலும் ஐந்து நிமிடம் கூட்டியே வைத்திருக்கிறேன்.

பொரித்த பிறகு உள்ளே பச்சை தெரிந்தால், அகலச் சட்டியில் துண்டுகளைப் பரப்பி, கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு திறந்து ஈரம் வற்றும்வரை புரட்டி, பெரிய துண்டை மறுபடியும் பிளந்து பாருங்கள். அதை அன்றே செய்துவிடுங்கள். அரைவேக்காட்டைக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் முடிக்க நினைக்காதீர்கள்.