பங்கு பிரிக்க முதல் ஒரு கொப்பி எடுங்க

கேள்வி: அப்பா மோசம் போய் 31 முடிஞ்சிட்டு. அம்மா, நான், தம்பி, தங்கச்சி. வீடு, 5 ஏக்கர் வயல், லீசிங்ல எடுத்த லேன்ட்மாஸ்டர், பேங்க்ல கொஞ்சம் காசு. தம்பி பங்கைப் பிரிப்பம் எண்டு நிக்கிறான். உரக்கடைக்காரர் 3 லட்சம் வரணும் எண்டு வந்திட்டார், இன்னொருத்தர் கைமாத்தா 2 லட்சம் குடுத்த எண்டு சொல்றார், துண்டு ஒண்டும் இல்ல. எதில இருந்து தொடங்கிற? - அக்கரைப்பற்றில இருந்து ஒரு மகன்

பதில்:

தம்பி, முதல்ல ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்க. இடப் பக்கம் அப்பாக்கு இருந்தது, வலப் பக்கம் அப்பா குடுக்க வேண்டியது. ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில ரெண்டு விசயம் எழுதணும்: யார்ர பேர்ல இருக்கு, அதுக்கு என்ன ஆதாரம். எல்லாத்தையும் அப்பா மோசம் போன அண்டைக்கு என்ன நிலையில இருந்திச்சோ அப்பிடியே எழுதுங்க, இண்டைக்கு என்ன விலை போகும் எண்டு இல்ல. அப்பாட ஏடிஎம் கார்ட்ட ஒருத்தரும் தொடவேணாம். செத்த பிறகு எடுத்த ஒவ்வொரு ஆயிரத்துக்கும் பிறகு வீட்டுக்குள்ள கணக்குக் கேப்பாங்க, நான் கண்ட சண்டையில பாதி அதில தொடங்கினதுதான். மரண அத்தாட்சிப் பத்திரத்தோட பேங்க்குக்குப் போய் அண்டைய மீதி எவ்வளவு, நொமினி போட்டிருக்கா எண்டு ரெண்டையும் கேளுங்க.

இனி "யார்ர பேர்ல" எண்டதுக்கு வாறன், நம்மட பக்கத்தில பிழைக்கிற இடமே அதுதான். வீடு அம்மாட சீதனமா இருந்தா அது அப்பாட சொத்தே இல்ல, கொப்பியில வரவே கூடாது. வீட்டை அப்பா தன்ட காசில கட்டினார் எண்டு தம்பி சொல்லுவான், சொல்லட்டும், நீங்க உறுதியில யார்ர பேர் எண்டு பாருங்க. வயல் 5 ஏக்கர் எண்டு எழுதியிருக்கீங்க, அது முழுக்க உறுதிக் காணியா? இந்தப் பக்கத்தில கொஞ்சம் உறுதி, கொஞ்சம் பேர்மிட் எண்டு கலந்துதான் கிடக்கும். பேர்மிட் காணி 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தில வாறது, அதை நாலா வெட்டிப் பங்கு போட ஏலாது. அம்மா இருக்கிற வரைக்கும் அம்மா அனுபவிக்கலாம், அதுக்குப் பிறகு அப்பா பின்னுரித்தாளர் எண்டு பேர் பதிஞ்சு வச்ச ஆளுக்குப் போகும். பதிஞ்சிருக்கா எண்டு பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில கேளுங்க. அதுக்குக் கொப்பியில வேற பக்கம் போடுங்க. உறுதிக் காணிக்கு உறுதி இலக்கத்தைக் கொண்டுபோய்க் காணிப் பதிவகத்தில தேடிப் பாருங்க, எங்கயாவது ஈடு வச்சிருந்தா அதில பதிவாகி இருக்கும், வீட்டில ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

கடுதாசிகளைத் தேடுறதும் ஒரு வேலைதான். என்ட அப்பா மோசம் போனப்ப அலுமாரி, சூட்கேஸ் எல்லாம் கிண்டியும் ஒண்டும் கிடைக்கல, மறுகா ஒரு மாசம் கழிச்சு அவர்ர பழைய பஞ்சாங்கத்துக்குள்ள மடிச்சு வச்ச அடகுத் துண்டு ஒண்டு வந்திச்சு, அம்மாட ரெண்டு காப்பு, 1,80,000க்கு வச்சது, தவணை முடிய ஒம்பது நாள்தான் இருந்திச்சு. வட்டியக் கட்டிப் புதுப்பிச்சு ஏலத்துக்குப் போகாமத் தப்பிச்சம். அதை எழுதிற விதமும் பாருங்க: காப்பு அம்மாட, அது அப்பாட சொத்துப் பக்கத்தில வராது, ஆனா 1,80,000 கடன் அப்பா வாங்கினது, அது கடன் பக்கத்தில வரும்.

லீசிங்குக்கு அடுத்த கட்டுக்காசு கட்ட முதல் கம்பெனிக்குப் போய் ரெண்டு கேள்வி கேளுங்க. மோசம் போன நாளில மீதி எவ்வளவு, இந்த லீசிங்கோட உயிர்க் காப்புறுதி இருக்கா. கன லீசிங், பேங்க் கடனுகள்ல அது சேர்ந்தே இருக்கும், ஆள் செத்தா மிச்சத்தை இன்சூரன்ஸ் கட்டும். கேக்காட்டி அவங்களாச் சொல்லமாட்டாங்க. எங்களுக்குச் சொல்லல, அஞ்சு மாசம் சும்மா கட்டினம். அதுக்காகக் கட்டாம இழுத்தடிக்கவும் வேணாம், மெசினைத் தூக்கிருவாங்க, அதால இந்தக் கிழமையே போங்க. அப்பா வேற ஆருக்காவது பிணை நிண்டவரா எண்டதையும் பேங்க்ல கேட்டு ஒரு மூலையில எழுதி வைங்க.

உரக்கடைக்காரரோட கோபிக்க வேணாம், அவர்ர கொப்பியக் கேளுங்க. எந்தப் போகத்து உரம், எத்தின மூட்டை, கடைசி அறுவடையில அப்பா என்ன குடுத்த, அதைக் கழிச்சிருக்கா. கைமாத்துக்காரரைப் பொய்யர் எண்டும் சொல்லாதீங்க, ஓம் எண்டும் சொல்லாதீங்க, பேரையும் தொகையையும் எழுதி ஆதாரம் இல்ல எண்டு போடுங்க. எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப் போட 3 வருசம், எழுத்திருந்தா 6 வருசம், அதால எப்ப குடுத்த எண்டு தேதியக் கேளுங்க. முக்கியமா நீங்க ஒரு துண்டிலயும் கையெழுத்து வைக்காதீங்க, அப்பாட கடன் உங்கட கடனா மாறிரும். பிள்ளைகள் தங்கட கைக்காசில கட்டணும் எண்டு சட்டம் இல்ல, அப்பா விட்டுட்டுப் போன சொத்தில இருந்துதான் போகணும்.

வரவேண்டியதையும் மறக்காதீங்க. மில்லுக்குப் போட்ட நெல்லுக் காசு, சீட்டு. சீட்டை அப்பா எடுக்காம இருந்தா கட்டின காசு சொத்து, எடுத்திருந்தா மிச்சக் கட்டுக்காசு கடன்.

வீட்டையும் வயலையும் ஆதாரம் இல்லாத கைமாத்தையும் விட்டுட்டு ஒரு உதாரணம் போட்டுப் பாப்பம். மெசின் 4,50,000, பேங்க்ல 2,10,000, மில்லால வாறது 1,40,000, சீட்டில கட்டினது 60,000, மொத்தம் 8,60,000. மற்றப் பக்கம் லீசிங் மீதி 1,60,000, உரக்கடை சரிபாத்த பிறகு 3 லட்சத்தில 2,20,000, எங்களுக்கு வந்தமாதிரி ஒரு அடகு 1,80,000, செத்தவீட்டுச் செலவு 2,00,000, மொத்தம் 7,60,000. மிஞ்சிறது ஒரு லட்சம், லீசிங்கை இன்சூரன்ஸ் கட்டினா 2,60,000. தம்பி சொன்னமாதிரி முதலே பேங்க் காசைப் பிரிச்சிருந்தா உரக்கடைக்குக் குடுக்க மெசினை விக்க வேண்டி வரும், இல்லாட்டி வயல்ல கை வைக்கணும்.

இடையில ஆராவது தேசவழமைப்படி எண்டு வந்தா அது யாழ்ப்பாணத்துச் சட்டம், நம்மளுக்கு இல்ல எண்டு சொல்லுங்க. யாருக்கு எவ்வளவு எண்டது இந்தக் கொப்பி முடிஞ்ச பிறகு. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தாலும் லோயர் முதல்ல கேக்கிறது இதே பட்டியல்தான், அதைச் சத்தியக் கடுதாசியோட குடுக்கணும். எழுதி முடிச்சா ஒரு பின்னேரம் அம்மாவ வச்சுக்கொண்டு தம்பியையும் தங்கச்சியையும் இருத்தி வாசிச்சுக் காட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ மூண்டு பேரும் கையெழுத்து வைங்க. விட்டுப்போன ஒண்டை தம்பிதான் முதல்ல சொல்லுவான், அதுக்குக் கொஞ்சம் வெத்துப் பக்கம் விட்டு வைங்க.