பிளாஸ்மா மெஷின்: போட்ட காசு 15 மாதத்தில் திரும்புமா?

"மன்னார்குடி பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேஜ் வீல், பரம்பு, டிரெய்லர் வேலைதான் அதிகம். தகடு வெட்ட மாதம் 40,000 ரூபாய் வரை தஞ்சாவூருக்குக் கொடுக்கிறேன். சிஎன்சி பிளாஸ்மா கட்டிங் மெஷின் 6 லட்சம், 15 மாதத்தில் காசு திரும்பிவிடும் என்கிறார் விற்பவர். 5 லட்சம் கடன் போட்டு வாங்கலாமா?"

விற்பவர் போட்டது ஒரே ஒரு வகுத்தல்: 6 லட்சத்தை 40,000-ஆல் வகுத்தால் 15. வகுத்தது சரி, எடுத்துக்கொண்ட இரண்டு எண்களும் சரியில்லை. 6 லட்சம் என்பது மெஷின் விலை மட்டும்; உங்கள் பட்டறையில் அது முதல் தகட்டை வெட்டும் வரை ஆகும் செலவு அதைவிட அதிகம். 40,000 நீங்கள் கொடுக்கும் அதிகபட்சக் கூலி. பன்னிரண்டு மாதமும் மிச்சமாகும் தொகை அல்ல.

முதலில் போடும் காசைப் பார்ப்போம். பிளாஸ்மாவுக்குக் காற்று வேண்டும், அதற்கு கம்ப்ரெசரும் ஏர் டிரையரும் சேர்ந்து 70,000 என்று வைக்கிறேன். தனி வயரிங், எர்த்து, ஈபி-யில் லோடு கூட்டும் கட்டணம் 35,000. ஏற்றி இறக்கி, தரையை மட்டம் பார்த்து உட்கார வைக்க 15,000. ஆக 7,20,000. ஜிஎஸ்டி 18 சதவீதத்தை நான் சேர்க்கவில்லை. சாதாரணப் பதிவில் இருந்தால் அது உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடும், கொஞ்ச காலம் பணம் முடங்கும், அவ்வளவுதான். காம்போசிஷனில் இருந்தால் திரும்பாது. அப்போது அதுவும் விலைதான்.

அடுத்தது மிச்சம். போன ஆண்டு தஞ்சாவூரில் கொடுத்த பில்களை எடுத்து மாதவாரியாக எழுதுங்கள். கேஜ் வீல் சேற்றுழவோடு போகிற சரக்கு. குறுவை, சம்பா நடவு முடிந்தால் தேடுவார் இல்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை ஐந்து மாதம் 40,000, மற்ற ஏழு மாதம் 18,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 3,26,000. தகடு கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவரும் வண்டி வாடகை மிச்சம் 34,000. இரண்டும் சேர்ந்து 3,60,000.

இதிலிருந்து மெஷின் தின்னும் செலவைக் கழிக்க வேண்டும். இவ்வளவு வேலைக்கு ஆண்டில் சுமார் 240 மணி நேரம் டார்ச் எரியும் என்று கொள்வோம். கம்ப்ரெசரோடு சேர்த்து மணிக்கு 12 யூனிட், யூனிட் 9 ரூபாய் என்றால் கரண்ட் 26,000. (உங்கள் பில் தொகையை யூனிட்டால் வகுத்து உண்மையான விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) நாசில், எலக்ட்ரோடு ஒரு செட் 300 ரூபாய், இரண்டரை மணி நேரம் வரும் என்றால் 29,000. கம்ப்யூட்டரில் படம் போட்டு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு மாதம் கூடுதலாக 4,000, ஆண்டுக்கு 48,000. பழுது, பராமரிப்பு 15,000. மொத்தச் செலவு 1,18,000.

கையில் நிற்பது 2,42,000. 7,20,000-ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 3 ஆண்டு. 15 மாதம் 36 மாதமாகிவிட்டது.

இதில் நாசில் கணக்கை மட்டும் லேசாக விட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழையில் கம்ப்ரெசர் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து பாருங்கள், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அந்த ஈரம் டார்ச்சுக்குப் போனால் எலக்ட்ரோடு நடுவில் இருக்கும் ஹாஃப்னியம் புள்ளி சீக்கிரம் குழி விழும், நாசில் துளை வட்டம் மாறும். அதற்குப் பிறகு வெட்டு சாய்வாக வரும், அடியில் கசடு ஒட்டும், கிரைண்டர் பிடிக்க ஒரு ஆள் தேவைப்படும். டிரையர் வாங்காமல் மிச்சம் பிடித்தால் அந்தக் காசு நாசிலிலும் கிரைண்டிங் கூலியிலும் போய்விடும்.

அப்புறம் ஆதாயச் சதவீதம். காசு எப்போது திரும்பும் என்பது ஒரு கேள்வி, அந்தக் காசு என்ன சம்பாதிக்கிறது என்பது வேறு கேள்வி. மெஷின் 8 ஆண்டு உழைத்து, கடைசியில் 80,000-க்கு விலைபோகும் என்றால் ஆண்டுத் தேய்மானம் 80,000. 2,42,000-இல் அதைக் கழித்தால் 1,62,000. போட்ட 7,20,000-க்கு இது 22.5 சதவீதம். தேய்மானத்தைக் கழிக்காமல் 33 சதவீதம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். அதில் உங்கள் முதலே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதும் கலந்திருக்கிறது. 11 சதவீத வட்டிக் கடனுக்கு 22.5 என்பது நல்ல இடைவெளிதான்.

அப்படியானால் வாங்கிவிடலாமா? சிக்கல் தவணையில் இருக்கிறது. 5 லட்சம், 11 சதவீதம், 36 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 16,400. சீசன் மாதத்தில் செலவு போக மெஷின் தருவது 32,000; தவணை கட்டி மிஞ்சும். மற்ற ஏழு மாதங்களில் அது தருவது 11,700 தான். மாதா மாதம் 4,700 துண்டு விழும், மொத்தம் 33,000 போல. ஆண்டுக் கணக்கில் லாபமாகத் தெரியும் மெஷினுக்கு ஐப்பசியிலிருந்து சித்திரை வரை டிரெய்லர் வேலைக் காசை எடுத்துக் கட்டுவீர்கள். சீசன் உபரியைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்கிற பழக்கம் இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் 48 மாதத் தவணை கேளுங்கள். வட்டி கூடும், ஆனால் தவணை 13,000 அளவுக்கு இறங்கும்.

மேட்டூரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் 12 வழக்கமான நாள் என்றாலும் 2024-இல் அணை திறந்தது ஜூலை 28-இல். அந்த மாதிரி ஆண்டில் உங்கள் ஐந்து சீசன் மாதங்களில் இரண்டு மந்தமாகிவிட்டால் மிச்சம் 2 லட்சத்துக்கு இறங்கும். எல்லா ஆண்டும் அப்படியே போனால் காசு திரும்ப 3 ஆண்டு 7 மாதம். நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு இரண்டுக்கும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். சராசரி போட்டால் கெட்ட ஆண்டின் தவணைச் சுமை கண்ணில் படாது.

மாவட்டத் தொழில் மையத்தில் மூலதன மானியம் கேட்டு விண்ணப்பிக்கலாம், கட்டாயம் விசாரியுங்கள். ஆனால் பணம் கணக்கில் வரும் வரை அதை இந்தக் கணக்கில் கழிக்க வேண்டாம்.

என் கருத்து: உங்கள் சொந்த வேலைக்கு மட்டும் என்றால் இந்த மெஷினுக்கு நான் அவசரப்பட மாட்டேன். 240 மணி நேரம் என்பது அதற்கு ரொம்பக் குறைவு, மீதி நாளெல்லாம் அது சும்மா நிற்கும். வெளி ஆட்களுக்கு மாதம் 10 மணி நேரம் வெட்டிக்கொடுத்தாலே கணக்கு மாறும். நீங்கள் கொடுக்கும் கூலியை 240 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 1,300-க்கு மேல் வருகிறது. அதில் கரண்டும் நாசிலும் போக ஆயிரத்துச் சொச்சம் நிற்கும், ஆண்டுக்கு 1,28,000. அப்போது காசு 2 ஆண்டுக்குள் திரும்பும், மந்த மாதத் தவணையும் சமாளித்துவிடும்.

அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டிப் பட்டறைகளில் தகட்டைத் தஞ்சாவூருக்கு அனுப்புகிறவர்களை நேரில் பாருங்கள். எந்த மாதம், எத்தனை எம்எம் தகடு, எவ்வளவு கூலி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களும் ஆடியில்தான் வெட்டுகிறார்கள் என்றால் அந்த 1,28,000-ஐ அடித்துவிடுங்கள். உங்கள் மெஷினுக்கு ஆடியில் நேரமே இருக்காது. மாசி, பங்குனியில் ஷெட், கேட் வேலை செய்கிற பட்டறைகள் இரண்டு மூன்று கிடைத்தால் வாங்கலாம்.