ஈறு நோயிலிருந்து மாரடைப்பு வருமா? ஈறு மருத்துவரிடம் கேட்டவை

ஈறில் ரத்தம் வந்தால் மாரடைப்பு வரும் என்று ஒரு கிளினிக் பலகையில் பார்த்தேன். உண்மையா, டாக்டர்?

அப்படி எழுதியது தவறு. ஸ்வீடனில் முதல் மாரடைப்பு வந்த 805 பேரையும், வராத 805 பேரையும் பல் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார்கள். 2016இல் முடிவு வந்தது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்தவர்கள் முதல் அணியில் 43 சதவீதம், இரண்டாவதில் 33. தொடர்பு இருக்கிறது. ஆனால் ஈறு நோய் இருந்தும் மாரடைப்பு வராதவர்கள் அந்த இரண்டாவது அணியிலேயே மூன்றில் ஒரு பங்கு என்பதையும் பாருங்கள்.

இரண்டுக்கும் காரணம் புகைதான். இருபது வருடம் பீடி குடித்த எனக்கு ஈறில் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை.

முதல் வாக்கியம் பாதி சரி. புகை ஈறையும் கெடுக்கும், இதய ரத்தக்குழாயையும் கெடுக்கும். ஆனால் ஸ்வீடன் ஆய்வில் புகை, சர்க்கரை, படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு மறையவில்லை, குறைந்தது. அளக்கப்படாத வேறு காரணம் ஒளிந்திருக்கலாம். அதை யாராலும் மறுக்க முடியவில்லை.

உங்கள் ஈறைப் பற்றித்தான் எனக்குக் கவலை. புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் அதிகம் கசியாது. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விட்டுப் பார்த்தால், மூன்றோடு நிற்க வேண்டியது ஆறு, ஏழு வரை இறங்கும். ஒருமுறை அளந்து பாருங்கள்.

என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. ஈறைச் சுத்தம் செய்தால் அடுத்த அட்டாக் வராதா?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை, அம்மா. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான ஈறு நோய் உள்ள 120 பேரில் ஒரு பாதிக்கு ஈறுக்கடியில் ஆழமாகச் சுத்தம் செய்து, கையின் ரத்தக்குழாய் எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். மறுநாள் அது மோசமானது. ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாக விரிந்தது. அங்கே அளந்தது குழாயின் விரிவை. மாரடைப்பை எண்ணவில்லை. அமெரிக்காவில் 303 இதய நோயாளிகளை வைத்து முயன்றபோது, ஒப்பீட்டு அணியில் இருந்த பலர் வெளியே போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள், விடை கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டு தொடர வேண்டும், அதுவரை ஓர் அணியின் ஈறு நோயை அப்படியே விட்டுவைப்பதும் நியாயமில்லை. சிக்கல் அங்கேதான்.

சுத்தம் செய்யுங்கள், பல் நிலைக்கும். ரத்தம் வருமே என்று, ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். நாள் குறிக்கும் முன் இதய மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்குச் செயற்கை வால்வு. பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்களே, வாய்க்கிருமியால் மாரடைப்பு வரும் என்பதற்கு அதுவே சாட்சி அல்லவா?

அது வேறு நோய். வாய்க்கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் கூடுகட்டுவதைத் தடுக்கத்தான் அந்த மருந்து. மாரடைப்பு, குழாய் அடைப்பதால் வருவது. அப்பாவுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மாத்திரை முந்திக்கொண்டால் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம்.