எம்மா, என்னா? போனில் பெயர் சொல்வது பற்றிச் சில கேள்விகள்

வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்த ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் 22 வருஷம் ஹெட்செட் மாட்டியிருந்தேன். காதில் விழுந்த பெயர்களுக்குக் கணக்கில்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் பேர் தீபன், இனிஷியல் எஸ். போனில் சொன்னா பேர் சரியா எழுதுறாங்க, இனிஷியல் மட்டும் எஃப் ஆயிடுது. ஏன் மேடம்?

சாதாரண போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் குரலைக் கடத்தும். எஸ் சொல்லும்போது வரும் அந்த 'ஸ்ஸ்' சீறலில் பெரும்பகுதி 4000-க்கு மேலே இருக்கிறது. லைன் அதை வெட்டிவிடும். மிச்சம் ஒரு 'எ', கொஞ்சம் காற்று. எஃப்பும் அதேதான், அதன் காற்றுச் சத்தம் நேரிலேயே மெலிசு.

பெயர் சரியாக வந்தது உங்கள் உச்சரிப்பால் என்று நினைக்காதீர்கள். DEEPAN-இல் D, E, E, P நான்கும் ஒரே 'ஈ' மேல் சவாரி செய்பவை. தொடக்கத்தில் கண்சிமிட்டும் நேரத்துக்கு வரும் ஒரு வெடிப்புதான் வித்தியாசம். கடைசி N, எம் போலவும் கேட்கும். காதை மட்டும் நம்பி எழுதினால் TEEBAM என்றுகூட வரலாம். ஆனால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு நாலு தீபனையாவது தெரியும், அவரே சரி பண்ணிக்கொள்கிறார். இனிஷியலுக்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லையே, எதை வைத்து ஊகிப்பார்? அந்த எழுத்தில் தொடங்கும் ஓர் அடையாளச் சொல்லை முதலில் அங்கே போடுங்கள்: "எஸ், சேலம்."

A-வுக்கு ஆல்ஃபா, B-க்கு பிராவோ, C-க்கு சார்லினு ஒரு லிஸ்ட் இருக்கே, அதையே மனப்பாடம் பண்ணிட்டா போதுமே. ரெண்டாம் உலகப் போர்ல ராணுவம் உண்டாக்கினது, உலகம் முழுக்க ஒண்ணுதானே?

பாதி சரி தம்பி. போர்க்காலத்தில் அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் A, B-க்குச் சொன்னது ஏபிள், பேக்கர். இன்றைய பட்டியல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வழியாக வந்தது. மான்ட்ரியாலில் ழான்-பால் வினே என்ற மொழியியல் பேராசிரியர் அதில் வேலை செய்தார். 1951-இல் வந்த முதல் பட்டியலில் எம்முக்கு மெட்ரோ, என்னுக்கு நெக்டர். விமானிகளுக்குச் சரிப்படவில்லை. ஐந்து சொற்களை மாற்றி 1956-இல் இப்போதைய வடிவம் வந்தது. மைக், நவம்பர் இரண்டும் அப்போது நுழைந்தவைதான். ரேடியோவில் பேசிப் பழகியவர்களுக்கும் எம், என் தலைவலி என்பது இதிலேயே தெரிகிறது.

விமானத்தில் இரு பக்கமும் பட்டியல் தெரிந்தவர்கள். கேஸ் ஏஜென்சியில் அப்படி இல்லை. நான் ஒருமுறை பட்டியல்படி "P, பாப்பா" என்றேன். அந்தப் பெண் அன்பாக, "பாப்பா பேரும் சேர்க்கணுமா மேடம்?" என்றாள். Q-வுக்கு "கெபெக்" என்று முறைப்படி சொல்லிப் பாருங்கள், கே என்று எழுதுவார்கள். எதிரில் இருப்பவருக்குத் தெரிந்த சொல்தான் வேலை செய்யும்.

எங்க ஆபீஸ்ல "பி ஃபார் பால், டி ஃபார் டால்"னு சொல்றோம். அப்படியும் தப்பா எழுதுறாங்க.

எழுத்தில் இருந்த அதே குழப்பத்தைச் சொல்லுக்குள் ஏற்றி அனுப்புகிறீர்கள். பாலும் டாலும் ஒரே ஓசை. சன், ஃபன் கூடத்தான். சொல் நீளமாக இருக்க வேண்டும், இன்னொன்றோடு எதுகை போடக்கூடாது.

நமக்கு இன்னொரு வம்பும் உண்டு. தமிழில் எழுதினால் B, P இரண்டும் பி. D, T இரண்டும் டி. நம்மில் பலர் வாயிலும் அவை அவ்வளவாகப் பிரிவதில்லை. ஊர்ப் பெயர்தான் காப்பாற்றும்: B பெங்களூர், P பழனி, D டெல்லி, T திருச்சி, V வேலூர், எம் மதுரை, என் நாகர்கோவில். எஃப்புக்குப் பக்கத்தில் ஊர் கிடைக்கவில்லை, "ஃபுட்பால்" என்பேன். எழில், கனிமொழி என்று பெயருள்ளவர்கள் Z-க்கு வெளிநாட்டு கால் சென்டரில் "ஜீ" என்றால் G ஆகிவிடும். "ஏபிசிடியில் கடைசி எழுத்து" என்று சொல்லிவிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

நடுவில் அந்த 'ஃபார்' எதற்கு? புக்கிங் கோடு சொல்லும்போது அதை 4 என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனிஷியல்ங்கறதே அப்பா பேர்தானே அக்கா. அதையே சொல்லிட்டா? எங்க அப்பா ஞானசேகரன்.

முருகன், ராமசாமி என்றால் பேஷாகச் சொல்லலாம். உங்கள் அப்பா பெயரில்தான் சிக்கல். இனிஷியல் G, காதில் விழுவது ஞா. கேட்பவர் N போடுவார். செல்லையா என்றால் சியா எஸ்ஸா, கந்தசாமி என்றால் கேயா ஜியா என்று அவரவர் வீட்டு வழக்கம். முதல் எழுத்துக்கு ஒரே ஒரு ஸ்பெல்லிங்தான் உண்டென்றால் மட்டும் அப்பாவைக் கூப்பிடுங்கள். நீங்கள் "G, கோவா" என்று போங்கள்.

கல்யாணப் பத்திரிகைக்கு அச்சகத்துல போன்ல பேர் சொல்றேன். ல, ள, ழ எப்படிச் சொல்றது?

இது ஆங்கில எழுத்து இல்லைதான், ஆனாலும் நல்ல கேள்வி. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று பள்ளியில் சொன்னது இன்றும் உதவும். ழ-வுக்கு "வாழைப்பழத்து ழ" என்றால், வாயில் 'வாளப்பளம்' என்று வருபவர்கூட எழுதும்போது சரியாக எழுதுவார். ர, ற-வுக்கு நான் சின்ன ர, பெரிய ற என்பேன். என் தம்பி இடையின ர, வல்லின ற என்பான். எல்லோரும் ஒப்புக்கொண்ட பட்டியல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இப்ப எல்லாம் ஹெச்டி வாய்ஸ். இந்தப் பிரச்சினையே கிடையாது.

எஸ், எஃப் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அதில் குரல் 7000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. ஆனால் இரு முனையும் இடைப்பட்ட லைனும் அப்படி இருந்தால்தான். எதிரில் பழைய லேண்ட்லைன் என்றால் பழைய கதை. எம், என் வித்தியாசமோ உயர்ந்த ஸ்தாயியில் இல்லை. பக்கத்தில் மிக்சி ஓடினால் எந்த போனிலும் போய்விடும்.

அவங்க திரும்பப் படிச்சுக் காட்டுறாங்களே, அது போதாதா?

எனக்கே நடந்தது. என் இனிஷியல் எம். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போனில் பதிவு செய்தேன்.

"இனிஷியல் எம்."

"என். சரிங்களா மேடம்?"

அது என் காதில் 'எம்' என்றுதான் விழுந்தது. "சரிம்மா" என்றேன். அவள் கேட்டதும் தப்பு, நான் கேட்டதும் தப்பு. ஒரே ஓட்டையில் இரண்டு பேரும் விழுந்தோம். காப்பீட்டுக்காரர்கள் பெயர் பொருந்தவில்லை என்று பில்லைத் திருப்பி அனுப்பியபோதுதான் தெரிந்தது. 22 வருஷ சர்வீஸ்! இப்போதெல்லாம் "எழுத்தைச் சொல்லாதீங்க, எந்த ஊர்னு சொல்லுங்க" என்று கேட்கிறேன். "நாகர்கோவில்" என்று வந்தால் உடனே தடுத்துவிடலாம்.