டொரொண்டோவுக்குப் போகும் மெயிலில் தொனி பார்ப்பது எப்படி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன ஐடி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். டொரொண்டோ வாடிக்கையாளருக்கு எவ்வளவு பணிவாக எழுதினாலும் "முடிந்ததா, இல்லையா?" என்றுதான் பதில் வருகிறது. அவருக்குக் கோபமா? அனுப்ப முதல் தொனியை எப்படிச் சரிபார்ப்பது? ஒரு மெயிலை இணைத்திருக்கிறேன்.

பதில்: ஒரு வரிப் பதிலை மட்டும் வைத்து அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். அங்கே அலுவலக மெயிலில் அது சாதாரணம். ஆனால் அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் நீங்கள் இணைத்த மெயிலிலேயே இருக்கிறது. இரண்டு 'சொறி', ஒரு 'ஸ்மோல் இஷ்யூ', 'வீ வில் ட்ரை', கடைசியில் 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்'. பணம் செலுத்தும் பக்கம் புதன்கிழமைக்கு முடியாது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

நம்மிடையே "செய்து பாப்பம்" என்றாலே விடயம் கஷ்டம் என்று விளங்கிவிடும். அவரோ 'ட்ரை' என்பதை அநேகமாக ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார். கோடையில் உங்கள் மாலை 6.30 அவருக்குக் காலை 9. அவர் மெயிலைத் திறந்து சந்தேகம் கேட்கும்போது நீங்கள் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். தெளிவில்லாத ஒரு வரியால் ஒரு முழுநாள் போய்விடும்.

ஆகவே தகவலை நேராகச் சொல்லுங்கள், பணிவை, நீங்கள் அவரிடம் ஏதும் கேட்கும் இடத்தில் வையுங்கள். திங்கள் மாலை இப்படி எழுதலாம்: "பக்கம் புதன்கிழமைக்கு முடியாது, மன்னிக்கவும். வங்கியின் டெஸ்ட் கீ இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. செவ்வாய் மாலை 5 மணிக்குள், டொரொண்டோ நேரப்படி, அதை அனுப்ப முடியுமா? கிடைத்தால் வெள்ளி காலை உங்கள் 9 மணிக்குப் பக்கம் தயாராக இருக்கும்." மன்னிப்பு ஒருமுறை போதும். அதே மெயிலில் புதிய திகதியும் இருக்க வேண்டும்.

இதில் 'நீங்கள் இன்னும் அனுப்பவில்லை' என்று இல்லை, 'எங்களுக்குக் கிடைக்கவில்லை' என்று இருக்கிறது. 'நீங்கள்' என்பதோடு 'இல்லை' சேர்ந்தால் குற்றம் சாட்டுவது போலாகிவிடும். 'அஸ் பெர் மை ப்ரீவியஸ் மெயில்' என்பதும் அப்படித்தான், "ஏற்கெனவே சொன்னேனே" என்ற கடுப்பு அதில் கேட்கும். 'கைண்ட்லி' நமக்கு மரியாதை, அங்கே பலருக்கு உத்தரவு போல ஒலிக்கும். அதற்குப் பதில் 'குட் யூ' என்று கேள்வியாகக் கேளுங்கள், கேள்விக்குறியை விட்டுவிடாதீர்கள்.

அனுப்ப முதல், மெயிலின் முதல் இரண்டு வரியை மட்டும் வாசியுங்கள். என்ன நடந்தது, அவர் ஏதும் செய்ய வேண்டுமா என்பது அதிலேயே தெரியாவிட்டால் மாற்றி எழுதுங்கள். அப்புறம் 'நாளை', 'இன்று மாலை' என்று வரும் இடமெல்லாம் கிழமையும் அவருடைய நேரமும் போடுங்கள். கோடையில் காலை 9 மணிக்கு நீங்கள் எழுதும் 'நாளை', முதல்நாள் இரவு 11.30இல் இருப்பவருக்கு எந்த நாள் என்று குழப்பும்.

விளிப்பில் அவரையே பின்பற்றுங்கள். அவர் தன் முதற்பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால் 'டியர் சேர்' தேவையில்லை. ஜப்பானிய வாடிக்கையாளரிடம் இந்த அளவு நேரடிப் பேச்சு பொருந்தாது, அங்கே முன்னுரையும் முறையான விளிப்பும் வேண்டும்.

டொரொண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணிநேரம் பின்னால் போகும். அன்றிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அவருடைய காலை 9, உங்கள் இரவு 7.30.