அடிவானத்தை வலை தொடுகிறதா என்று முதலில் பாருங்கள்

கேள்வி: பள்ளித் திடல் ஒன்றை வரைகிறேன். தரையில் ஆட்டக்கோடுகள், ஓரத்தில் நிழல் மரங்கள், பின்னால் பள்ளியின் முதன்மைக் கட்டடம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் கட்டடம் பொம்மை வீடு மாதிரி ஆகிவிடுகிறது. அளவை எப்படிப் பொருத்துவது?

கைப்பேசியில் நாலைந்து படம் எடுத்து, ஒன்றிலிருந்து தரையையும் இன்னொன்றிலிருந்து கட்டடத்தையும் எடுத்து வரைகிறீர்கள், சரியா? இல்லையென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் செய்தேன், அதனால் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று ஒரு நினைப்பு.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன் இல்லை. பட்டர்வொர்த்தில் ஒரு பலகைக் கடையில் எழுத்து வரைந்து கைப்பழக்கம் வந்தவன். "பெர்ஸ்பெக்டிவ் பற்றிச் சொல்ல நீ யார்" என்று கேட்க வருகிறவர்கள் கீழே உள்ள கணக்கை அளவுகோல் வைத்துச் சரிபார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

சில வருடங்களுக்கு முன் பினாங்குத் தீவில் நான் படித்த தமிழ்ப்பள்ளியில் ஆண்டு விழா. பெயர் வேண்டாம். சிற்றுண்டிச்சாலைச் சுவரில் பள்ளித் திடலையே வரைந்து தரும்படி கேட்டார்கள். 4.2 மீட்டர் அகலம், ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். தரைக்கோடுகள் நன்றாகத் தெரியட்டும் என்று எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியில் நின்று திடலைப் படம் பிடித்தேன். முதன்மைக் கட்டடம் கம்பீரமாகத் தெரியட்டும் என்று அதைக் கீழே நின்று பிடித்தேன். இரண்டையும் ஒட்டி வரைந்தேன். நான்கு நாள் வேலை. ஐந்தாம் நாள் ஓய்வு நேரத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கையில் மீகோரெங் தட்டோடு வந்து நின்றாள்.

"அங்கிள், அந்தக் கதவுல எப்படி உள்ள போவாங்க? மண்டை இடிக்காதா?"

அப்போதுதான் பார்த்தேன். திடல் சுவர் மாதிரி செங்குத்தாக எழும்பி நிற்கிறது. அதன் உச்சியில் கட்டடத்தைச் செருகி வைத்த மாதிரி இருக்கிறது. வாசலில் நிற்கும் ஆசிரியைக்குக் கதவு தோள் வரைதான்.

என்ன நடந்தது என்றால், படத்தில் இரண்டு கண்கள் இருந்தன. முதல் மாடியில் நின்றவன் கண் தரையிலிருந்து சுமார் 5 மீட்டர் உயரத்தில். கீழே நின்றவன் கண் 1.5 மீட்டரில். ஒரு படத்துக்கு ஒரு கண்தான் இருக்க முடியும். அந்தக் கண்ணின் உயரத்தில் படத்தின் குறுக்கே ஓடும் கோடுதான் அடிவானம். எங்கள் கடையில் கண்மட்டம் என்போம்.

இதைக் கண்டுபிடிக்கச் சோதனை எளிது. ஆட்டக்களத்தின் இரண்டு பக்கக்கோடுகளையும் நூல் பிடித்து மேலே நீட்டுங்கள். அவை சந்திக்கும் இடத்தில்தான் உங்கள் கண்மட்டம். இப்போது அந்த உயரம் கட்டடத்தில் எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். தரையில் நின்று பார்க்கும் படமென்றால் கீழ்மாடிக் கதவில், அடியிலிருந்து பத்தில் ஏழு பங்கு உயரத்தில் வெட்ட வேண்டும். கதவு 2.1 மீட்டர், கண் 1.5 மீட்டர், அவ்வளவுதான் கணக்கு. என் சுவரில் நூல்கள் கூரைக்கும் மேலே போய்ச் சந்தித்தன.

சுண்ணாம்பு அடித்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை முதலில் ஏ3 தாளில் போட்டு, பிறகு பத்து மடங்காகச் சுவருக்கு மாற்றினேன். உங்களுக்குப் பயன்படப் போவது அந்தத் தாள்தான்.

தாளின் அடியிலிருந்து 10.5 சென்டிமீட்டரில் கண்மட்டம். களம் பூப்பந்துக் களம்: நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர். செப்பாக் தக்ராவ் களமும் இதே அளவுதான், பள்ளிகளில் ஒரே கோட்டில் இரண்டும் ஆடுவார்கள். களத்தின் கிட்டக்கோடு என்னிடமிருந்து 8 மீட்டர் தள்ளி என்று வைத்து, அதைக் கண்மட்டத்துக்கு 9 சென்டிமீட்டர் கீழே போட்டேன். இதற்குப் பிறகு எதையும் குத்துமதிப்பாகப் போட வேண்டியதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் கண்மட்டத்திலிருந்து உள்ள இறக்கம் பாதியாகும். 8 மீட்டருக்கு 9 என்றால் 16 மீட்டருக்கு 4.5, 48 மீட்டருக்கு 1.5. சுருக்கமாக, 72-ஐத் தூரத்தால் வகுத்தால் சென்டிமீட்டர் வந்துவிடும்.

களத்தின் கடைசிக்கோடு 21.4 மீட்டரில் இருக்கிறது, ஆகவே இறக்கம் 3.4 சென்டிமீட்டர். நடுவில் வலை. பழக்கதோஷத்தில் 9-க்கும் 3.4-க்கும் சரி பாதியில், அதாவது 6.2-இல் போடக் கை போகும். வலை இருப்பது 14.7 மீட்டரில், 72-ஐ வகுத்தால் 4.9. எண் பிடிக்காதவர்கள் களத்தின் மூலைக்கு மூலை கோடு இழுங்கள், இரண்டும் வெட்டும் இடம் அதே 4.9-இல் விழும். விழவில்லையென்றால் உங்கள் பக்கக்கோடுகள் தப்பு.

இந்த வலைதான் எனக்குப் பிடித்த விஷயம். பூப்பந்து வலை கம்பத்தில் 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர். என் கண் 1.5 மீட்டர். ஆகவே வலையின் மேல்விளிம்பு கண்மட்டத்தை ஒட்டியே ஓட வேண்டும். களத்தைக் கிட்டே வைத்தாலும் தூரத் தள்ளினாலும் இது மாறாது. வலை அடிவானத்துக்குக் கீழே தொங்கினால், பார்க்கிறவன் ஏதோ ஏணி மேல் நிற்கிறான் என்று பொருள்.

இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இதிலிருந்தே வரும். எந்தப் பொருளுக்கும் அதன் அடியிலிருந்து கண்மட்டம் வரை உள்ள தூரம் எப்போதும் 1.5 மீட்டர். படத்தில் எந்த இடத்திலும் நட்டு வைத்த அளவுகோல் அது. முதலாம் ஆண்டுப் பிள்ளை 1.2 மீட்டர் என்றால், பக்கத்தில் நின்றாலும் கடைசியில் நின்றாலும் தலை அந்த அளவுகோலில் ஐந்தில் நான்கு பங்கில் இருக்கும். ஆசிரியர் தலை கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்று மாடிக் கட்டடத்துக்கு மாடிக்கு 3.5 மீட்டர் வைத்தால் 10.5 மீட்டர், அதாவது ஏழு அளவுகோல். அதை 48 மீட்டரில் வைத்தேன். இறக்கம் 1.5 சென்டிமீட்டர், ஆகவே கட்டடம் 10.5 சென்டிமீட்டர், கதவு 2.1, வாசலில் நிற்கும் பிள்ளை 1.2.

மரம்தான் எல்லோரையும் ஏமாற்றும். எங்கள் திடலில் தூங்குமூஞ்சி மரம், மலாய்க்காரர்கள் புக்குல் லீமா என்பார்கள், மாலை ஐந்து மணிவாக்கில் இலை மூடுவதால். 12 மீட்டர் என்று வைத்து 36 மீட்டரில் நிறுத்தினேன். தாளில் அது 16 சென்டிமீட்டர் வருகிறது. கட்டடத்தைவிட ஒன்றரை மீட்டர்தான் உயரம், ஆனால் முன்னால் நிற்பதால் படத்தில் ஒன்றரை மடங்கு. கை பயந்து அதைக் குறைக்கப் பார்க்கும். குறைத்தால் மரம் குரோட்டன் செடியாகிவிடும். அந்த மரத்துக்கு உயரத்தைவிடக் குடை அகலம் என்பதையும் மறக்க வேண்டாம். கிளை கட்டடத்தின் பாதியை மறைக்கத்தான் செய்யும், மறைக்கட்டும்.

கோட்டின் தடிமன் பற்றி ஒரு வார்த்தை. களக்கோடு 4 சென்டிமீட்டர் அகலம். நம்மை விட்டு விலகி ஓடும் பக்கக்கோடு, தூரத்துக்கு ஏற்ற அளவில் மெலியும். குறுக்கே கிடக்கும் கோடு அதைவிட வேகமாக மெலியும், தூரம் இரண்டு மடங்கானால் தடிமன் நான்கில் ஒன்று. சுவரில் என் கிட்டக்கோடு நாலரை மில்லிமீட்டர், கடைசிக்கோடு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, தூரிகை நுனியால் ஒரு இழுப்பு. முதல் தடவை எல்லாக் கோட்டையும் ஒரே மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்திருந்தேன். சாலைக் கடப்பு மாதிரி இருந்தது.

நிழலும் ஒரு அளவுதான். ஓய்வு நேரம் காலை பத்தேகால். நம் கடிகாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணிவாக்கில், ஆகவே பத்தேகாலுக்குச் சூரியன் பாதி வானத்தில்தான். நிழல் ஏறக்குறைய ஆளின் உயரத்துக்கே விழும். முதல் படத்தில் மரத்தடியில் உச்சி வெயிலின் வட்ட நிழலும் பிள்ளைகளுக்கு அதிகாலையின் நீண்ட நிழலும் போட்டிருந்தேன். அதை மட்டும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"இவ்வளவு கணக்குப் போட்டா அது ஓவியமா" என்று ஒருவர் வருவார், தெரியும். எல்லாவற்றையும் தப்பாக வரைந்தும் அழகாக வரும், மறுக்கவில்லை. கேட்டவர் கேட்டது அளவு.

சுவரைப் பற்றி ஒன்று. இந்தத் தாள் 48 சென்டிமீட்டர் தள்ளிப் பார்ப்பதற்குச் சரியாக அமைந்தது. பத்து மடங்கு சுவருக்கு 4.8 மீட்டர். படத்தின் அடியைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் தூக்கி வைத்தேன், கண்மட்டம் 1.5 மீட்டரில் வந்தது. அந்த இடத்தில் நின்று பார்த்தால் சுவர் திறந்துகொண்ட மாதிரி இருக்கும். சரியாக அந்த இடத்தில்தான் பின்னர் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஐஸ் பெட்டியாவது பரவாயில்லை. வேலை முடியும்போது விழாக் குழுவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, மேல வானம் நிறைய காலியா கெடக்கே" என்றார். நன்கொடை கொடுத்தவர்களின் சின்னங்களைப் போட வேண்டுமாம், பதினொன்று. பிள்ளைகளையும் பெரிதாக்க வேண்டுமாம், பெற்றோருக்கு முகம் தெரிய வேண்டாமா? வானத்தில் சின்னம் போட்டால் அது எத்தனை மீட்டர் தூரத்தில் மிதக்கிறது என்று நான் கேட்டதை அவர் கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். கூலி பேசியது எண்ணூறு வெள்ளி. சாயத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு, "நம்ம பள்ளிதானே தம்பி" என்று பொன்னாடை போர்த்தினார்கள். அதே மேடைக்குப் பந்தல் போட்டவருக்கும் அது நம்ம பள்ளிதான், அவருக்கு முன்பணமே போயிருந்தது.

சின்னங்களைப் பிறகு வேறு யாரையோ வைத்து ஒட்டிவிட்டார்கள். மரத்தின் உச்சிக்கிளையில் ஒன்று பாதி ஏறி நிற்கிறது. கதவு மட்டும் சரியாக இருக்கிறது. போன தீபாவளிக்குப் போனபோது அளந்து பார்த்தேன்.