பூட்டிய வீட்டில் ஃபிரிட்ஜ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொழிஞ்சாம்பாறையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. துலாவர்ஷ இடி ஓய்ந்ததும் வருகிற வேலைகளில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். பிள்ளைகளைப் பார்க்க பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டு மூன்று வாரம் கழித்து வந்து கதவைத் திறந்தவர்கள் கூப்பிடுவார்கள். இந்த முறை வந்த கேள்விகளும் அதையொட்டியே இருக்கின்றன.

அண்ணா, ஒரு மாசம் மகள் வீட்டுக்குப் போறோம். ஃபிரிட்ஜை ஓட விட்டுட்டுப் போகலாமா, நிறுத்திட்டுப் போகணுமா? நிறுத்தினா கெட்டுப்போயிடும்னு சொல்றாங்க.
*– மீனாட்சிபுரம் வாசகி*

நிறுத்துவதால் ஃபிரிட்ஜ் கெடாது அம்மா. நிறுத்திவிட்டுக் கதவை மூடி வைத்தால்தான் கெடும். உள்ளே தங்கிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் பத்து நாளில் கதவு ரப்பரில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்துவிடும்.

ஓட விடலாமா என்பதற்கு நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். மூன்று நாளைக்கு ஒருமுறை சாவியோடு வீட்டுக்குள் வந்து பார்க்க ஆள் இருக்கிறதா? இருந்தால் ஓடட்டும். இல்லையென்றால் காலி செய்து நிறுத்திவிடுங்கள். கரண்ட் பில்லுக்காக இதைச் சொல்லவில்லை. வருஷத்துக்கு 200 யூனிட் என்று லேபிளில் போட்டிருக்கிற சின்ன ஃபிரிட்ஜ் மூன்று வாரத்துக்கு 12 யூனிட் அளவுதான் இழுக்கும்.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் தானாகத் திரும்பி வரும். ஆனால் இடி இடித்து, கரண்ட் கசிந்தால் தானாக அணைகிற ஈ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்துவிட்டால், யாராவது வந்து தூக்கிவிடும் வரை அது விழுந்தேதான் கிடக்கும். தெருவில் விளக்கு எரியும், பக்கத்து வீட்டில் டிவி ஓடும், உங்கள் வீடு மட்டும் இருட்டாக இருக்கும். பூட்டிய வீடு இருட்டாக இருப்பதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தானே பனி உருக்கிக்கொள்ளும் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அதன் ஹீட்டரில் ஈரம் இறங்கினால் இடியே இல்லாமல் ஃபிரிட்ஜே ஈ.எல்.சி.பி.யை விழவைக்கும்.

நிறுத்துவதென்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையிலேயே நிறுத்துங்கள். ஐஸ் கட்டிக்கொள்ளும் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் முழுதாக உருகி முடியச் சாயங்காலம் ஆகிவிடும். அவசரப்பட்டுக் கத்தியால் குத்தாதீர்கள். ஃப்ரீஸர் தகடு மெல்லிய அலுமினியம், அதில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். இப்போது வருகிற ஃபிரிட்ஜ் பெரும்பாலானவற்றில் இருப்பது தீப்பிடிக்கிற கேஸ். உருகியதும் துணியால் ஒற்றித் துடைத்து, ஃப்ரீஸர் கதவு, பெரிய கதவு இரண்டுக்கும் இடையில் சுருட்டிய துண்டைச் செருகி, தானாகச் சாத்திக்கொள்ளாதபடி கயிற்றால் கட்டிவிடுங்கள்.

எல்லோரும் மறக்கிற இடம் பின்பக்கம் கம்ப்ரஸர் மேலே இருக்கிற தண்ணீர்த் தட்டு. ஃபிரிட்ஜ் ஓடும்போது அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும். நிறுத்திய ஃபிரிட்ஜில், அதுவும் ஐஸ் உருகிய நாளில், தட்டு நிறைந்து அப்படியே நிற்கும். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட அதுவே போதும். முட்டை கொசுவாகப் பறக்கப் பத்து நாள் போதுமென்றால், நீங்கள் திரும்புவதற்குள் எத்தனை தலைமுறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். தட்டைக் கழற்றிக் கவிழ்த்துக் காயவைத்துவிட்டுப் போங்கள். கழற்ற வரவில்லையென்றால் பழந்துணியை விட்டு உறிஞ்சி எடுங்கள்.

24 நாள் கழிச்சு வந்தோம். ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, ஐஸும் இருந்துச்சு. ஆனா ஃப்ரீஸர்ல வெச்ச மீன் பாக்கெட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தட்டையா கெடக்கு. நாத்தம் இல்லை. சமைக்கலாமா?
*– வேலந்தாவளம் வாசகி*

சமைக்காதீர்கள் அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃப்ரீஸரின் அடியில் சிவப்பாக ஒரு படலம் உறைந்து கிடக்கிறது. ஐஸ் தட்டில் கட்டிகள் தனித்தனிக் குழியாக இல்லாமல் ஒரே பலகையாக இருக்கின்றன. மீனும் ஐஸும் முழுதாக உருகி, மீன் தண்ணீர் கீழே வடிந்து, அதன்பிறகு மறுபடி உறைந்திருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன், கேட்டுவிட்டீர்கள். இடி விழுந்த அன்று ராத்திரி நல்லெண்ணத்தில் உங்கள் மெயின் சுவிட்சை அணைத்திருக்கிறார், மூன்றாம் நாள் நினைவு வந்து போட்டிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. இப்போது கணக்கைப் பாருங்கள். கரண்ட் இல்லாமல் கதவு திறக்காமல் இருந்தால் ஃப்ரீஸருக்குக் கீழே உள்ள பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். நிரம்பிய ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம். உங்களுடையது கால்வாசிதான் நிரம்பியிருந்தது, அதிலும் நம் ஊர்ச் சூடு. முதல் நாளே உருகியிருக்கும். மிச்ச நேரமெல்லாம் மீன் வெறும் அறைச் சூட்டில் கிடந்திருக்கிறது.

நாற்றம் இல்லை என்பது மீன் விஷயத்தில் சாட்சி ஆகாது. நீங்கள் வைத்திருந்தது மத்தியும் அயிலையும். மத்தி, அயிலை, சூரை ஆகிய மூன்றும் குளிர் விட்டுப்போனால் ஹிஸ்டமின் என்கிற பொருள் சதையில் ஊறும். அதற்கு வாடை தெரியாமலும் இருக்கலாம். எண்ணெயில் பொரித்தாலும் புளியில் கொதிக்கவைத்தாலும் போகாது, மறுபடி உறையவைத்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். சிலருக்கு நாக்கில் மிளகு வைத்தது போலக் காரம் தெரியும். அப்படி உணர்ந்தால் உடனே துப்பிவிட வேண்டும்.

மற்ற சாமான்களில் கோழி, பால், தயிர், மாவு, அரைத்த தேங்காய், மிச்சக் குழம்பு எல்லாம் வெளியே போகட்டும். எண்ணெயும் உப்பும் நிறையப் போட்ட ஊறுகாய், நெய், புளி, மிளகாய்த்தூள் இருக்கலாம். 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் தாண்டிய சமைத்த சாப்பாடு, பால், இறைச்சி எதுவும் வேண்டாம் என்பதுதான் அளவு. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் அதற்குள் கக்கிவிட்ட நஞ்சு சாகாது.

அடுத்த முறைக்கு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீஸரிலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் ஐஸ் உருகவில்லை. நடுவில் புதைந்திருந்தால் பாதி உருகியது. அடியில் கிடந்தால் ஃப்ரீஸரில் உள்ளதெல்லாம் குப்பைக்கு. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஃபிரிட்ஜை மூணு தடவை கழுவிட்டேன். எலுமிச்சம்பழம், வினிகர், காப்பித்தூள் எல்லாம் வெச்சாச்சு. நாத்தம் போகலை. விக்கிறதைத் தவிர வழி இல்லையா?
*– சித்தூர் வாசகர்*

நாற்றம் எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். கதவைத் திறந்தவுடன் அடித்தால் உள்ளே ஒட்டியிருக்கிறது. கதவு மூடியே இருக்கும்போது, கம்ப்ரஸர் ஓடிக் கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறை முழுக்க அடித்தால் பின்பக்கத் தட்டில் இருக்கிறது. இதே ஊரில் போன வருஷம் ஒரு வீட்டில் அப்படித்தான் இருந்தது. உள்ளே கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள். பின்னால் தட்டைக் கழற்றினேன். பழுப்பு நிறத்தில் ஜெல்லி போல அரை விரல் உயரத்துக்குக் கட்டிக் கிடந்தது, அதற்குள் ஈப்புழுக்களின் காய்ந்த தோல். உள்ளே உருகிய கோழித் தண்ணீர் வடிகால் துளை வழியாக இறங்கி அங்கே சேர்ந்திருக்கிறது. கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் தட்டு சூடாகி நாற்றத்தைக் கிளப்பியிருக்கிறது.

ஆகவே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்னால் இருந்து ஆரம்பியுங்கள். தட்டைச் சோப்பு வெந்நீரில் ஊறவைத்துத் தேயுங்கள். பிறகு உள்ளே, பின்சுவரின் அடியில் இருக்கும் வடிகால் துளையில் ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான சோடா தண்ணீரை விடுங்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 2 டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போதும். தட்டு இருந்த இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை விட வேண்டும். கதவு ரப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள், பாதி நாற்றம் அந்த மடிப்பில்தான் குடியிருக்கும். தட்டுகள், காய்கறிப் பெட்டி எல்லாவற்றையும் சோப்பால் கழுவி, சோடா தண்ணீரால் துடைத்து, இரண்டு நாள் கதவைத் திறந்தே போடுங்கள். அதன்பிறகு ஒரு தட்டு நிறைய அடுப்புக்கரியை வையுங்கள். கரி நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். காப்பித்தூள் பெரும்பாலும் அதை மூடி மறைக்கத்தான் செய்யும்.

பிளீச்சிங் போடுவதாக இருந்தால் அன்றைக்கு வினிகரும் எலுமிச்சையும் பக்கத்திலேயே வரக்கூடாது. பிளீச்சிங்கோடு இவற்றில் எது சேர்ந்தாலும் குளோரின் புகை கிளம்பும், அடைத்த சமையலறையில் அது நெஞ்சைப் பிடித்துவிடும்.

இவ்வளவுக்கும் அசையவில்லையென்றால் இரண்டு இடம் மிச்சம். இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் ஃப்ரீஸரின் பின் பலகைக்குள் காற்றாடி இருக்கிறது, அழுகல் தண்ணீர் அங்கே போயிருந்தால் பலகையைக் கழற்றிக் கழுவ மெக்கானிக் வேண்டும். இன்னொன்று, உள்சுவர் பிளாஸ்டிக்கில் விரிசல் இருந்து தண்ணீர் உள்ளே உள்ள ஃபோமுக்குள் இறங்கியிருப்பது. கழுவிக் காயவைத்து, பிளக் போடாமல் ஒருநாள் மூடிவைத்துத் திறந்து பாருங்கள். ஒரே மூலையில் மட்டும் நாற்றம் மொத்தமாகக் கிளம்பினால் ஃபோம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். அதை எந்த மருந்தும் எடுக்காது. அப்போது மாற்றுவதுதான் வழி, அதற்கு முன்னால் வேண்டாம்.

அரிசி டப்பாவை இறுக்கி மூடிட்டுதானே போனேன், எப்படி வண்டு வந்துச்சு?
*– கோவிந்தாபுரம் வாசகி*

வெளியிலிருந்து வரவில்லை அம்மா, உங்களோடு கடையிலிருந்தே வந்தது. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து அடைத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. நம் சூட்டில் அது வண்டாக வெளியே வர ஒரு மாதம் ஆகும். நீங்கள் போய்வந்த நாளும் அதுவும் பொருந்திவிட்டன. காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போடலாம், ஆனால் மணிக்குள் இருக்கிற முட்டையை அவை தொடாது. கொஞ்சமாக இருந்தால் கிளம்புவதற்கு முன் நான்கு நாள் ஃப்ரீஸரில் வைத்து, வெளியே எடுத்து, கவர் மேல் படியும் ஈரம் முழுக்கக் காய்ந்தபிறகு டப்பாவில் கொட்டுங்கள். மூட்டையாக இருந்தால் அக்கம்பக்கம் கொடுத்துவிட்டு வந்து புதிதாக வாங்கிக்கொள்வது நல்லது. இப்போது வண்டு வந்திருக்கும் அரிசியைப் புடைத்து, வெயிலில் பரப்பி, வண்டு ஓடியபிறகு கழுவிச் சமைக்கலாம். மாவாக உதிர்ந்து வாடை அடித்தால் மட்டும் வேண்டாம்.

ஒண்ணுமே வெச்சிட்டுப் போகலை. ஆனா வந்து கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை, சிங்க்ல கரப்பான்.
*– எருத்தேம்பதி வாசகர்*

சிங்க் அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் சாக்கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள கதவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சில வாரத்தில் அது வற்றிவிடும். இப்போது இரண்டு சொம்பு தண்ணீர் விட்டால் வாடை நின்றுவிடும். அடுத்த முறை கிளம்பும்போது தண்ணீர் விட்டு, அதன் மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள், தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. துளையின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து ஈரத்துணியைப் பாரமாக வைக்காமல் ஒரு கல்லை வையுங்கள். குளியலறைத் தரைத் துளைக்கும் இதே வேலைதான்.